பொறுப்புக் காலம் முடிந்தும் ரிடென்ஷன் பணம் ஏன் வருவதில்லை? ஒரு பாடசாலைக் கட்டடக் கணக்கை வைத்து விளக்கம்

கட்டடத்தை ஒப்படைத்து ஒரு வருடம் கடந்துவிட்டது. கூரை நிற்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தக்காரரின் கடைசிப் பணமான ரிடென்ஷன் மட்டும் வரவில்லை. கேட்டால் "இன்னும் போய்ப் பார்க்கல்ல", "எஞ்சினியர் மாறிப் போயிட்டார்", "சின்னச் சின்னத் திருத்தம் இருக்காம்" என்று மூன்று மேசைகளில் மூன்று பதில். கிழக்கு மாகாண சபையின் தலைமை அலுவலகங்கள் திருகோணமலையில் இருப்பதால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கட்டிய சிறிய ஒப்பந்தக்காரர்கள்கூட இந்தப் பதில்களைக் கேட்க இங்கேதான் வருகிறார்கள்.

ஒப்படைத்த கட்டடத்தில் தெரியவரும் குறைகளைக் கட்டியவரே திருத்த வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்த மறுநாளே பணம் தானாக வந்துவிடும் என்று ஒப்பந்தக்காரர் நினைக்கிறார். எல்லாக் குறையும் தீர்ந்து, எல்லோரும் கையெழுத்து வைத்த பிறகுதான் ஒரு சதமாவது விடலாம் என்று அலுவலகம் நினைக்கிறது. ஒப்பந்தம் இந்த இரண்டையுமே சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

## இது எந்தக் காசு?

ரிடென்ஷன் என்பது வேலை கொடுத்தவர் தன் பையிலிருந்து எடுத்து வைக்கும் காசு அல்ல. ஒப்பந்தக்காரர் செய்து முடித்த, அளந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட வேலைக்கான கூலியில் ஒரு பங்கு. ஒவ்வொரு பில்லிலும் அதைக் கழித்து நிறுத்தி வைக்கிறார்கள். கட்டியவர் குறையைத் திருத்த வராவிட்டால், அந்தக் காசைக் கொண்டு வேறு ஆளை வைத்துத் திருத்தலாம் என்பது ஏற்பாடு.

செயலாற்றுகை உத்தரவாதம் வேறு. அது வங்கியோ நிர்மாண உத்தரவாத நிதியமோ கொடுக்கும் பத்திரம், அதற்கு விடுவிப்பு விதியும் வேறு. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து கேட்டால் பைல் இரண்டு மேசைக்கு நடுவே நின்றுவிடும்.

இலங்கையில் அரச கட்டட வேலைகளில் பெரும்பாலும் காண்பது இந்த அமைப்பு: ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடிப்பார்கள். ஆனால் மொத்தப் பிடிப்பு ஆரம்ப ஒப்பந்த விலையின் 5 வீதத்தைத் தாண்டக் கூடாது. கட்டடத்தைப் பொறுப்பேற்கும்போது பாதி விடப்படும். மீதிப் பாதி குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும் விடப்படும். அந்தக் காலம் வழக்கமாக 365 நாள். உங்கள் வேலைக்கான வீதமும் நாளும் ஒப்பந்தத் தரவுப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைத் திறக்காமல் அலுவலகத்துக்குப் போக வேண்டாம்.

## ஒரு கணக்கு

விளக்கத்துக்காக அமைத்த கணக்கு இது. குச்சவெளிப் பக்கம் கடலுக்கு அருகே ஒரு பாடசாலை, அதில் ஒரு வகுப்பறைக் கட்டடம். ஆரம்ப ஒப்பந்த விலை 240 இலட்சம் ரூபாய். 5 வீத உச்சம் என்றால் 12 இலட்சம்.

1. முதல் பில், ஜூன் 2023. வேலை 60 இலட்சம். 10 வீதமாக 6 இலட்சம் பிடிக்கப்பட்டது.
2. இரண்டாவது பில், செப்டெம்பர் 2023. வேலை 75 இலட்சம். 10 வீதம் என்றால் ஏழரை இலட்சம். ஆனால் உச்சத்துக்கு 6 இலட்சம்தான் மிச்சம், அதனால் 6 இலட்சம் பிடிக்கப்பட்டது.
3. மீதி 105 இலட்சத்துக்கான பில்களில் பிடிப்பே இல்லை.

இரண்டாவது பில்லில் ஏழரை இலட்சத்தையும் கழித்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த நேரத்தில் யாரும் கவனிப்பதில்லை. பின்னால் இறுதிப் பட்டியலில் கணக்கு ஒத்துவராமல் பைல் திரும்பி வரும்போதுதான் தெரியும். ஆகவே கேட்கும் தொகையை பில் வாரியாகக் கூட்டிக் காட்டுவது நல்லது.

பொறுப்பேற்புச் சான்றிதழ் வந்ததும் பாதி, அதாவது 6 இலட்சம், விடப்பட்டது. நமக்குப் பிரச்சினை மற்ற 6 இலட்சம்.

## காலம் எந்த நாளில் தொடங்கியது?

தகராறில் பாதி இந்தக் கேள்வியில்தான் பிறக்கிறது. நமது கட்டடம் 2024 ஜனவரி 18ஆம் திகதி முடிந்தது. பொறியியலாளர் பார்த்து, குறிப்பு எழுதி, சான்றிதழில் கையெழுத்து வைத்தது மார்ச் 5ஆம் திகதி. சான்றிதழின் உள்ளே "2024 ஜனவரி 18இல் வேலை கணிசமாக நிறைவடைந்தது" என்று எழுதியிருக்கிறது. மேலே வலது மூலையில் மார்ச் 5 என்று திகதி.

அலுவலகம் மேலே இருக்கும் திகதியில் இருந்து எண்ணுகிறது, அதன்படி காலம் 2025 மார்ச் 5 வரை. ஒப்பந்தக்காரர் உள்ளே இருக்கும் திகதியில் இருந்து எண்ணுகிறார்.

கட்டட ஒப்பந்தங்களுக்குச் சர்வதேச அளவில் பயன்படும் ஃபிடிக் நிபந்தனைகளின் 1999ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டால், காலம் எண்ணப்படுவது வேலை நிறைவடைந்ததாகச் சான்றளிக்கப்பட்ட நாளில் இருந்து. சான்றிதழில் கையெழுத்து வைத்த நாள் கணக்கில் இல்லை. இலங்கையில் பெரிய வேலைகளுக்கான மாதிரி ஒப்பந்த ஆவணம் இந்தப் புத்தகத்தை ஒட்டித்தான் அமைந்தது. முன்பு இக்டாட் என்று அறியப்பட்ட நிறுவனம் அதை வெளியிட்டது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அந்த இடத்தில் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை, சுருக்கமாகச் சிடா, இருக்கிறது. சிறிய வேலைகளுக்கான ஆவணம் இன்னும் சுருக்கமானது, வாசகம் மாறலாம். ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் "எந்த நாளில் இருந்து" என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

நமது கணக்கில் ஒப்பந்தக்காரர் சொல்வதுதான் சரி. 2024 ஜனவரி 18இல் இருந்து 365 நாள். 2024இல் பெப்ரவரிக்கு 29 நாள் இருந்ததால், காலம் 2025 ஜனவரி 17ஆம் திகதியே முடிகிறது. 18ஆம் திகதி என்று கடிதத்தில் எழுதினால் பெரிய நட்டம் இல்லைதான். ஆனால் 17ஆம் திகதி நள்ளிரவுக்கு முன்னர் வந்த அறிவித்தலும் பின்னர் வந்த அறிவித்தலும் ஒன்றல்ல என்பதை அடுத்துப் பார்க்கப் போகிறோம். அதனால் ஒரு நாளையும் ஒழுங்காக எண்ணுவதே மேல்.

## காலம் முடிந்ததும் ஒப்பந்தம் கேட்பது

ஃபிடிக் 1999இன் 14.9ஆம் வாசகத்தை எளிய தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

1. குறை அறிவிக்கும் காலம், அதாவது நமது பொறுப்புக் காலம், முடிந்ததும் மீதி ரிடென்ஷன் தாமதமின்றிச் சான்றளிக்கப்பட வேண்டும்.
2. அப்போது திருத்த வேலை ஏதாவது செய்யப்படாமல் மிச்சம் இருந்தால், அந்த வேலைக்கு மதிப்பிடப்பட்ட செலவை மட்டும் அது முடியும்வரை நிறுத்தி வைக்கலாம்.

இரண்டாவது வரியைத்தான் பல அலுவலகங்கள் வேறு விதமாக நடைமுறைப்படுத்துகின்றன. ஒரு பீலி ஒழுகினால் 6 இலட்சமும் நிற்கிறது. ஒப்பந்தப்படி நிற்க வேண்டியது பீலியின் விலை மட்டுமே.

இங்கே அலுவலகத்தின் பக்கமும் கொஞ்சம் நிற்க வேண்டும். ரிடென்ஷனை விட்ட பிறகு ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுக்காத அனுபவம் அநேகமாக எல்லாத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் இருக்கும். கணக்காய்வு வந்து "குறை இருக்கும்போது ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டால் பதில் எழுத வேண்டியவரும் அவர்தான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு ஒப்பந்தத்திலேயே மருந்து இருக்கிறது. குறைக்கு எழுத்தில் ஒரு மதிப்பீடு போட்டு, அந்தத் தொகையை நிறுத்தி, மற்றதை விட்டால் கணக்காய்வுக்குக் காட்ட ஒரு தாள் கையில் இருக்கும். எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தால் அதற்கும் ஒரு தாள் வேண்டும். அது பொதுவாக இருப்பதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒப்பந்தக்காரரின் கடமைகள் எல்லாம் நிறைவேறிவிட்டன என்று பொறியியலாளர் கொடுக்கும் நிறைவேற்றுச் சான்றிதழ் வந்தால்தான் ரிடென்ஷனை விடலாம் என்று சில இடங்களில் சொல்வார்கள். மேற்சொன்ன வாசகம் அப்படிக் கட்டவில்லை. நிறைவேற்றுச் சான்றிதழுக்கு எல்லாத் திருத்தமும் முடிய வேண்டும். ரிடென்ஷனுக்குக் காலம் முடிந்தாலே போதும், மிச்ச வேலையின் செலவு மட்டும் கழியும்.

அப்படியானால் குறையைக் காட்டிக் காலத்தை நீட்டலாமா? ஃபிடிக்கின் 11.3ஆம் வாசகம் நீட்ட இடம் தருகிறது. ஆனால் அந்தக் குறையால் கட்டடத்தையோ அதன் முக்கிய பாகத்தையோ நோக்கத்துக்குப் பயன்படுத்த முடியாமல் போயிருக்க வேண்டும். மொத்த நீட்டிப்பும் இரண்டு வருடத்தைத் தாண்ட முடியாது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும் கட்டடத்தில், மழைக்கு ஒரு மூலை நனைகிறது என்பதற்காக முழுக் காலத்தையும் நீட்டுவது கடினம்.

## குறைப் பட்டியல்: எது யாருடையது, எப்போது சொல்லப்பட்டது

திருகோணமலையில் மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவத்தில், ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவே பெய்கிறது. 365 நாள் காலம் எங்கே தொடங்கினாலும் ஒரு மாரியை அது கட்டாயம் கடக்கும். கூரையின் உண்மை அப்போது தெரியும். ஓகஸ்ட் வெயிலில் போய்ப் பார்த்து "குறை ஒன்றும் இல்லை" என்று எழுதிய அறிக்கைக்குப் பெரிய மதிப்பில்லை.

நமது கட்டடத்தில் 2024 டிசம்பர் 12ஆம் திகதி அலுவலகம் எழுத்தில் மூன்று குறைகளை அறிவித்தது. பிறகு 2025 பெப்ரவரி 6ஆம் திகதி எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்த்தபோது இன்னும் மூன்று எழுதப்பட்டன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. இரண்டு கூரைகள் சேரும் பள்ளத்தில் உள்ள பீலி ஒழுகுகிறது (டிசம்பரில் அறிவிக்கப்பட்டது). இது ஒப்பந்தக்காரரின் வேலை. ஆனால் ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று உறுதிப்படுத்த வேண்டும். மழை இல்லாத நாளில் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதிக்கும் சிறிது நேரம் ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவர் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். எடுத்த எடுப்பில் உச்சியில் தண்ணீரை ஊற்றினால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் பின்வாங்கியிருந்தால் அது பராமரிப்பு. பீலித் தகட்டின் விளிம்பு கூரைத் தகட்டுக்குள் போதிய அளவு ஏறாமல் இருந்தால் அது கட்டியவரின் பிழை. இங்கே இரண்டாவதுதான்.

2. தூணும் கல் சுவரும் சேருமிடத்தில் பூச்சு வெடிப்பு (டிசம்பரில் அறிவிக்கப்பட்டது). கொங்கிரீட்டும் கல்லும் வெயிலில் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும். அந்த மூட்டில் கம்பிவலை வைக்காமல் பூசினால் செங்குத்தாக நேர்கோட்டில் வெடிக்கும். வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வைத்தால், அது நீள்கிறதா நின்றுவிட்டதா என்று ஓரிரு மாதத்தில் தெரியும். விரலால் தட்டினால் வெற்றுச் சத்தம் வரும் பகுதியை வெட்டி எடுத்து, வலை வைத்துப் பூச வேண்டும். மேலே ஒரு மெல்லிய பூச்சு பூசி மறைத்தால் அடுத்த மாரிக்குத் திரும்பவும் வெடிக்கும். இதுவும் ஒப்பந்தக்காரரின் வேலை.

3. யன்னல் பிணைச்சல்கள் துருப்பிடித்தன (டிசம்பரில் அறிவிக்கப்பட்டது). கடற்கரைக் கட்டடங்களில் இந்தக் குறை வராத பட்டியல் அபூர்வம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: அளவைப் பட்டியலில் என்ன பிணைச்சல் எழுதியிருந்தது? துருப்பிடிக்காத உருக்கு என்று எழுதி, சாதாரண இரும்பு போட்டிருந்தால் ஒப்பந்தக்காரர் மாற்ற வேண்டும். சாதாரண இரும்பு என்றே எழுதி, அதையே போட்டு வர்ணமும் பூசியிருந்தால், கேட்டதைத்தான் அவர் கொடுத்திருக்கிறார். உப்புக்காற்றுக்கு எது பொருந்தும் என்று தீர்மானித்தது வடிவமைப்பாளர். நமது பட்டியலில் சாதாரண இரும்புதான். ஆகவே இது குறைபாடு அல்ல. இதை வாயால் வாதாடாமல், பட்டியலின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து இணைப்பது போதும்.

4. பின்பக்கச் சுற்றுத்தளம் தாழ்ந்து, சுவருக்கும் தளத்துக்கும் இடையே இடைவெளி (பெப்ரவரியில் முதல் தடவை எழுதப்பட்டது). மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்காததால் வந்தது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் காலம் ஜனவரி 17ஆம் திகதி முடிந்துவிட்டது. ஃபிடிக் நிபந்தனையில், காலம் முடியும் நாளில் அல்லது அதற்கு முன் அறிவிக்கப்பட்ட குறைகளைத்தான் இந்த ஏற்பாட்டின் கீழ் திருத்த வேண்டும். ஆகவே இதற்காக ரிடென்ஷனை நிறுத்துவதற்கு அடிப்படை பலவீனமானது. அதற்காக ஒப்பந்தக்காரர் முற்றாகத் தப்பினார் என்றும் சொல்ல முடியாது. நிறைவேறாத கடமைக்கான பொறுப்பு ரிடென்ஷனுக்கு வெளியே தனியாக நிற்கும். என் கணிப்பில், நாலு மூட்டை சீமெந்தோடு முடியும் வேலையானால் "கடமை என்று ஏற்காமல், நல்லெண்ணமாக" என்று எழுதிவிட்டுச் செய்துகொடுப்பதே புத்தி. அதைப் பிடித்து வாதாடினால் மற்ற ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பணமும் அந்த வாதத்தோடு சேர்ந்து தூங்கும்.

5. இரண்டு தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. பாவனையில் உடைந்தவை. ஒப்பந்தக்காரருக்குச் சம்பந்தமில்லை.

6. வெளிச்சுவர் வர்ணம் மங்கியது. ஒரு வருட வெயிலிலும் மழையிலும் வரும் சாதாரணத் தேய்வு. தோல் தோலாக உரிந்திருந்தால் வேறு கதை. ஈரச் சுவரில் பூசியிருக்கலாம்.

ஆறில் உண்மையாகக் காலத்துக்குள் அறிவிக்கப்பட்டு, ஒப்பந்தக்காரர்மேல் விழுபவை இரண்டுதான். பூச்சு வெடிப்பை அவர் பெப்ரவரியிலேயே திருத்திவிட்டார். பீலிக்குத் தகடு வளைத்து எடுக்க வேண்டியிருந்ததால் அது மிச்சம்.

பொறியியலாளர் பீலிக்கு மதிப்பீடு போட்டார். 12 மீற்றர் பீலி, மீற்றருக்கு 4,500 ரூபாய் வீதம் 54,000. கூரைத் தகடுகளைக் கழற்றித் திரும்பப் பூட்டும் கூலி 22,000. சாரம் 9,000. மொத்தம் 85,000.

நிறுத்தக்கூடியது 85,000. இப்போதே விடவேண்டியது 5,15,000 ரூபாய்.

## கோரிக்கைக் கடிதம்

"எனது ரிடென்ஷன் பணத்தைத் தயவுசெய்து விடுவிக்கவும்" என்று ஒரு வரிக் கடிதம் எழுதுவதுதான் வழக்கம். அதை வாசிக்கும் உத்தியோகத்தர் ஒப்பந்தத்தைத் தேடி, சான்றிதழைத் தேடி, பில்களைத் தேடி எடுக்க வேண்டும். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தால் கடிதம் தட்டின் அடிக்குப் போகும். அவர் தேட வேண்டிய எல்லாவற்றையும் கடிதமே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

முதல் கடிதம் காலம் முடிவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்னர் போக வேண்டும். அதில் பணம் கேட்க வேண்டாம், கூட்டுப் பரிசோதனைக்கு நாள் கேளுங்கள். நமது ஒப்பந்தக்காரர் டிசம்பர் இறுதியில் அப்படிக் கேட்டிருந்தால், சுற்றுத்தளம் உட்பட எல்லாம் ஒரே தடவையில், மழைக்குள்ளேயே வெளிவந்திருக்கும். குறை கூடும் என்று பயந்து சிலர் அதைத் தவிர்ப்பார்கள். ஆனால் தாமதமாக வரும் குறைதான் பணத்தை அதிகம் இழுத்தடிக்கிறது.

இரண்டாவது கடிதம் காலம் முடிந்ததும். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

> பொறியியலாளர் அவர்களுக்கு,
>
> ஐயா / அம்மணி,
>
> ஒப்பந்த இலக்கம் ........ : மீதி ரிடென்ஷன் பணத்தை விடுவித்தல்
>
> 1. மேற்படி வேலை 2024.01.18இல் நிறைவடைந்ததாகத் தங்கள் 2024.03.05 திகதிய பொறுப்பேற்புச் சான்றிதழ் குறிப்பிடுகிறது. 365 நாள் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 2025.01.17இல் முடிவடைந்தது.
>
> 2. இதுவரை பிடிக்கப்பட்டது 12,00,000 ரூபாய் (முதல் பில்லில் 6,00,000, இரண்டாம் பில்லில் 6,00,000). பொறுப்பேற்பில் விடுவிக்கப்பட்டது 6,00,000. மீதி 6,00,000.
>
> 3. தங்கள் 2024.12.12 கடிதத்தின் குறை 2 திருத்தப்பட்டது, படங்கள் இணைப்பு 3இல். குறை 3 பற்றிய எமது விளக்கமும் அளவைப் பட்டியலின் பக்கமும் இணைப்பு 4இல். குறை 1 நடைபெறுகிறது.
>
> 4. குறை 1க்குத் தாங்கள் மதிப்பிட்ட 85,000 ரூபாயை அவ்வேலை முடியும்வரை நிறுத்தி, 5,15,000 ரூபாயை ஒப்பந்தத்தின் உரிய வாசகப்படி இப்போது சான்றளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> பிரதி: கணக்காளர்

மூன்றாவது பந்தியில் திருத்தாத குறையைத் தானே ஒப்புக்கொள்வது சிலருக்குப் பலவீனமாகத் தெரியும். உண்மையில் அந்த வரிதான் உத்தியோகத்தருக்குத் துணிவு கொடுக்கிறது. மறைத்தால் அவர் தன் கண்ணால் பார்க்கும்வரை எதிலும் கையெழுத்து வைக்க மாட்டார்.

பொறியியலாளரின் முகவரிக்குப் போடுவதற்கும் காரணம் உண்டு. பாடசாலைக் கட்டடத்தில் பயன்படுத்துபவர் ஒருவர், மேற்பார்வை செய்பவர் இன்னொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர். அதிபரிடமும் கல்வி அலுவலகத்திடமும் எத்தனை தடவை போய் நின்றாலும், ஒப்பந்தத்தில் பொறியியலாளர் என்று பெயர் குறிக்கப்பட்டவர் சான்றளிக்காமல் கணக்காளர் வவுச்சர் எழுத மாட்டார். அதிபரின் "திருப்தி" கடிதம் உதவும், ஆனால் அது சான்றிதழ் ஆகாது. கடிதத்தைக் கையில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்க வேண்டும். முடியாவிட்டால் பதிவுத் தபால்.

## கணக்குக் கிளையில் ஓடும் இன்னொரு கடிகாரம்

அரச திணைக்களங்களில் பிடித்த ரிடென்ஷன் பொது வைப்புக் கணக்கில் ஒப்பந்தக்காரரின் பெயரில் பதியப்படுகிறது. வேலைக்கு ஒதுக்கிய பணம் அந்த ஆண்டின் செலவாகக் காட்டப்பட்டு, இந்தப் பகுதி மட்டும் வைப்பில் நிற்கும். ஆகவே "இந்த வருடம் ஒதுக்கீடு வரவில்லை" என்ற பதில் வந்தால், பணம் உண்மையில் வைப்புக்குப் போனதா என்று கேட்பது நியாயம். போகவில்லை என்றால் அது வேறு பிரச்சினை: பிடித்ததாகக் கணக்கில் காட்டி, காசை ஒதுக்காமலே விட்டிருக்கிறார்கள்.

வைப்பில் இருந்தாலும் அது நிரந்தரமாகத் தூங்க முடியாது. நிதிப் பிரமாணம் 571 இரண்டு வருடத்துக்கு மேல் கிடக்கும் வைப்புகளைப் பற்றியது. தொடர்ந்து வைத்திருக்கக் காரணம் இல்லாதவற்றை அரச வருமானத்துக்கு மாற்ற வேண்டும். கணக்காய்வு அறிக்கைகளில் "571இன்படி நடவடிக்கை எடுக்கப்படவில்லை" என்ற வரி மீண்டும் மீண்டும் வருகிறது. அதனால் கணக்காளர்கள் அந்தப் பட்டியலைக் குறைக்கப் பார்ப்பது இயல்பு.

நமது கணக்கில் இரண்டாவது பிடிப்பு செப்டெம்பர் 2023. வைப்புக்குப் போன நாளிலேயே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கட்டடம் முடிய நாலு மாதம், பொறுப்புக் காலம் ஒரு வருடம். 2025 ஜனவரியில் காலம் முடியும்போதே பதினாறு மாதம் கரைந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு எட்டு மாதம்தான் பாக்கி. "அவசரமில்லை, எங்கே போகப் போகிறது" என்று விடுகிறவர்களின் பணம்தான் வருமானத்துக்குப் போய்ச் சேர்கிறது. போனால் உரிமை அழிந்துவிடாது. ஆனால் வைப்பிலிருந்து ஒரு வவுச்சரில் எடுக்கக்கூடியதை, வருமானத்திலிருந்து மீளப்பெற மேலதிக அனுமதிகளுக்கு அலைய வேண்டும். கோரிக்கைக் கடிதம் கோப்பில் இருந்தால் "வைத்திருக்கக் காரணம் உண்டு" என்பதற்கு அதுவே ஆதாரம். கணக்காளருக்குப் பிரதி போடச் சொன்னது இதற்காகத்தான்.

மாகாண சபைத் திணைக்களங்களும் உள்ளூராட்சி சபைகளும் தத்தமது நிதி விதிகளின்படி நடப்பவை. வெளிநாட்டு நிதியில் நடந்த திட்டமானால் இன்னொன்றையும் பாருங்கள்: திட்ட அலுவலகம் மூடப்படும் நாளுக்குப் பிறகு உங்கள் பொறுப்புக் காலம் முடிந்தால், பணத்தை எந்த நிறுவனம் பொறுப்பேற்கிறது என்பதை மூடும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும்.

## பதிலே வராவிட்டால்

தாமதக் கட்டணம் ஒப்பந்தத்தில் இருந்தால் அதைக் கணக்கிட்டு நினைவூட்டலில் எழுதலாம். வருடத்துக்கு 10 வீதம் என்று வைத்துக்கொண்டால், 5,15,000 ரூபாய் 90 நாள் தாமதித்ததற்கு ஏறக்குறைய 12,700 ரூபாய் வரும். இந்தத் தொகை கைக்கு வருவது அரிது. ஆனால் எண் எழுதப்பட்டவுடன் கடிதம் மேலதிகாரியின் பார்வைக்குப் போகும், அதுதான் பயன்.

அதற்கும் அசையவில்லை என்றால் ஒப்பந்தத்தின் தகராறு வாசகத்துக்குப் போக வேண்டும். வழக்கமான படிகள் முதலில் தீர்ப்பாளர், பிறகு 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ் நடுத்தீர்ப்பு. ஆறு இலட்சத்துக்கு நடுத்தீர்ப்பு என்பது வருவாயை விடச் செலவு கூடிய வழி. ஆகவே சிறிய ஒப்பந்தக்காரர்கள் நிற்கக்கூடிய உண்மையான இடம் தீர்ப்பாளர் வரைதான். அதற்கான அறிவித்தலை அனுப்பியதும் பைல் திடீரென்று கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு.

எழுத்து ஒப்பந்தத்தின் அடிப்படையில் வழக்குப் போட காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் ஆறு வருடம் இருக்கிறது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தமானால் மூன்று வருடம். தனியார் வீடு கட்டிக் கொடுத்து, வாய்ப்பேச்சில் "வருடம் முடியட்டும், மிச்சத்தைத் தாறன்" என்று நின்றுவிட்ட மேசன்மாருக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.